திருத்திய படத்தில் தூண் நகர்ந்திருக்கிறதா? அசலை மேலே வைத்து அளந்து பார்க்கும் முறை

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் பழைய கடை வரிசைக்குப் போர்டு செய்பவர்களிடம் இப்போது எல்லாரும் முதலில் கேட்பது ஒரு படம்தான். கடையை நேராக நின்று போட்டோ எடுத்து, புதுச் சாயம் பூசி, புதுப் போர்டு மாட்டினால் எப்படி இருக்கும் என்று எடிட் செய்து காட்ட வேண்டும். கடைக்காரர் அதைப் பார்த்துச் சரி என்றால் வேலை தொடங்கும். வெல்டிங் செய்பவர் சட்டம் அடிப்பதற்கு முன் அதையே பார்க்கிறார். சாயம் அடிப்பவரும் அதைத்தான் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஏணி ஏறுகிறார்.

முன்பு இந்த எடிட்டிங்கைக் கையால் செய்தோம். தூணுக்கு நிறம் மாற்றினால் தூண் மட்டும் மாறும், பக்கத்துச் சன்னல் அசையாது. இப்போதுள்ள கருவிகள் பல, நாம் சொன்ன மாற்றத்தைச் செய்வதற்காகப் படம் முழுவதையும் புதிதாக வரைந்து தருகின்றன. பார்த்தால் அதே கடை, அதே தூண், அதே சன்னல்தான். ஆனால் தூண் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கலாம், உத்தரம் நடுவில் வளைந்திருக்கலாம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து அளந்தால்தான் தெரியும்.

அந்த அளவை எடுப்பது எப்படி என்று ஒரு மளிகைக் கடையின் முகப்பை வைத்தே முழுவதுமாகச் சொல்கிறேன். இரண்டு மாடிக் கடை. கீழே அஞ்சடி நடைபாதை, அதன் வெளிப்பக்கம் இரண்டு தூண். மேலே மரச் சன்னல்கள். சன்னல் அடிக்கட்டைக்கும் தூண்கள் தாங்கும் உத்தரத்தின் கீழ் விளிம்புக்கும் நடுவில் உள்ள பட்டையில்தான் போர்டு உட்கார வேண்டும். கடைக்காரர் கேட்டது இரண்டு மாற்றம்தான்: சுவருக்கு இளம் மஞ்சள், பட்டையில் புதுப் போர்டு. நான் பயன்படுத்தும் மென்பொருள் GIMP. காசு கொடுக்க வேண்டியதில்லை, இந்த வேலைக்குத் தேவையான எல்லாம் அதில் இருக்கிறது.

எந்தப் படத்தோடு எந்தப் படத்தை ஒப்பிடுகிறோம்

எடிட்டிங்குக்கு அனுப்பிய அதே கோப்பைத்தான் அசலாக எடுத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியது வேறு கோப்பு, கேமராவில் இருப்பது வேறு கோப்பு. வாட்ஸ்அப் அதைச் சுருக்கியிருக்கும். அதனால் நான் எப்போதும் ஆவணமாக அனுப்பச் சொல்வேன், அப்படி அனுப்பினால் கோப்பு மாறாமல் வரும்.

இந்தக் கடையின் போட்டோ 4000 × 3000 பிக்சல். வேலைக்கு அதைப் பாதியாக்கி 2000 × 1500 என்று PNG கோப்பாகச் சேமித்து, அதையே எடிட்டிங்குக்குக் கொடுத்தோம். திரும்பி வந்த படத்தைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதன் அளவு. GIMP-இல் `Image > Image Properties` போய்ப் பாருங்கள். கட்டளை வரி பழக்கமுள்ளவர்கள் இப்படிப் பார்க்கலாம்:

```
magick identify asal.png edit.png
```

வந்த படம் 2000 × 1496. நாலு பிக்சல் உயரம் குறைவு. இது அடிக்கடி நடப்பது. பல கருவிகளுக்கு அகலமும் உயரமும் 8 அல்லது 16 போன்ற எண்ணால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். 1500 எட்டால் வகுபடாது, 1496 வகுபடும். அந்த நாலு பிக்சல் எங்கே போனது என்பதுதான் கேள்வி. மேலேயோ கீழேயோ வெட்டியிருக்கலாம், அல்லது முழுப் படத்தையும் அமுக்கி அந்த உயரத்துக்குள் அடக்கியிருக்கலாம். இரண்டுக்கும் சரிசெய்யும் முறை வேறு வேறு. ஊகித்துச் செய்தால், பிறகு அளக்கும் ஒவ்வொரு எண்ணிலும் அந்தப் பிழை ஒட்டிக்கொண்டு வரும்.

அதனால் அளவு வேறாக இருக்கும்போது உடனே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். சின்ன லேயரை மென்பொருள் நடுவில் கொண்டுபோய் வைத்தால் அதுவே ஒரு புது நகர்வாகிவிடும். இரண்டையும் தனித்தனியாகத் திறந்து வையுங்கள்.

நங்கூரப் புள்ளிகள்

இப்போது படத்தில் நாலு புள்ளி தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றச் சொன்ன இடத்திலிருந்து தள்ளி, நாலு மூலைக்கும் பக்கத்தில், கட்டடத்தோடு அசையாமல் இருக்கும் கூர்மையான மூலைகளாக இருக்க வேண்டும். நான் எடுத்தவை இவை: இடப்பக்கத்துக் கடையின் மாடிச் சன்னல் மூலை, வலப்பக்கத்துக் கடையின் மாடிச் சன்னல் மூலை, இரண்டு பக்கத்துக் கடைகளின் தூண் அடிகள்.

எவை கூடாது என்பதும் முக்கியம். நிழலின் விளிம்பு கூடாது. வெளிச்சம் மாறினால் நிழல் நகரும், கட்டடம் நகராது. மின்கம்பி, மரக்கிளை, வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் எதுவும் கூடாது. தகரக் கூரையின் நெளிவு பார்க்க நல்ல கோடு மாதிரி இருக்கும், ஆனால் ஒரு நெளிவுக்கும் அடுத்த நெளிவுக்கும் வித்தியாசம் தெரியாததால் எந்த நெளிவை அளந்தோம் என்று குழம்பிவிடும்.

ஒவ்வொரு புள்ளியையும் 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த அளவில் எந்த விளிம்பும் ஒரே பிக்சலில் மாறாது. வெள்ளைச் சன்னல் சட்டத்திலிருந்து கருப்பான உள்பக்கத்துக்குப் போகும்போது நடுவில் இரண்டு மூன்று சாம்பல் பிக்சல் இருக்கும். பாதி வெளிச்சமாக உள்ள பிக்சலைத்தான் விளிம்பு என்று எடுக்க வேண்டும், இரண்டு படத்திலும் அதே விதியைப் பின்பற்ற வேண்டும். அசலில் சாம்பலின் தொடக்கத்தையும் எடிட்டில் அதன் முடிவையும் எடுத்தால் இல்லாத நகர்வு ஒன்று முளைக்கும். சுட்டியை வைத்ததும் GIMP சன்னலின் கீழே இடது மூலையில் x, y எண் தெரியும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு பிக்சல் இப்படி அப்படி வரும். இந்த வேலையில் ஒரு பிக்சலை நகர்வாகக் கணக்கில் சேர்க்க முடியாது.

நமக்குக் கிடைத்தது:

| புள்ளி | அசல் x, y | எடிட் x, y | வித்தியாசம் |
|---|---|---|---|
| இட மேல் | 212, 318 | 214, 317 | +2, −1 |
| வல மேல் | 1784, 326 | 1786, 325 | +2, −1 |
| இடக் கீழ் | 188, 1262 | 190, 1259 | +2, −3 |
| வலக் கீழ் | 1811, 1254 | 1812, 1251 | +1, −3 |

இந்தப் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும், பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது. x வித்தியாசம் நாலு மூலையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். படம் மொத்தமாக 2 பிக்சல் வலப்பக்கம் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். y வித்தியாசம் அப்படி இல்லை. மேலே 1, கீழே 3. மேலிருந்து வெட்டியிருந்தால் எல்லா மூலையிலும் ஒரே எண் வந்திருக்கும். கீழே போகப் போகக் கூடுகிறது என்றால் படத்தை அமுக்கியிருக்கிறார்கள். கணக்குப் போட்டும் பார்க்கலாம்: 1262-ஐ 1496-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்தால் 1258.6. நாம் அளந்தது 1259. பொருந்துகிறது.

இதே பட்டியலில் இடப்பக்கம் y மேலே ஏறி, வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தால் படம் சுழன்றிருக்கிறது என்று பொருள். அப்போது இரு பக்க வித்தியாசத்தை, புள்ளிகளுக்கு நடுவில் உள்ள தூரத்தால் வகுத்தால் கோணம் கிடைக்கும். 1600 பிக்சல் தூரத்தில் 6 பிக்சல் என்றால் சுமார் 0.2 பாகை. இந்தப் படத்தில் சுழற்சி இல்லை.

தள்ளல், அமுக்கல், சுழற்சி மூன்றும் படம் முழுவதையும் ஒரே மாதிரி பாதிப்பவை. அவற்றைச் சரிசெய்துவிடலாம், கட்டடத்தின் வடிவம் கெட்டுவிட்டது என்று அவற்றை வைத்துச் சொல்லக் கூடாது. அவற்றை நீக்கிய பிறகும் எந்தக் கோடு தன் இடத்தில் இல்லையோ அதுதான் நமக்குப் பிரச்சினை. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் நேரே அளப்பவர்கள் நல்ல படத்தைக் கெட்டது என்று தள்ளுவார்கள், கெட்ட படத்தை நல்லது என்றும் ஏற்பார்கள்.

மொத்த நகர்வை நீக்குதல்

எடிட் செய்த படத்தை `Image > Scale Image` போய் 2000 × 1500 ஆக்குங்கள். அகலம், உயரம் இரண்டையும் பிணைக்கும் சங்கிலிக் குறியை அவிழ்த்துவிட்டு உயரத்தை மட்டும் மாற்ற வேண்டும். அதைச் சேமித்துவிட்டு, அசலைத் திறந்து, `File > Open as Layers` வழியாக இதை மேல் லேயராகக் கொண்டுவாருங்கள். Move கருவியை எடுத்து, மேல் லேயரைத் தேர்ந்தெடுத்து, இடப்பக்க அம்புக்குறியை இரண்டு முறை தட்டினால் 2 பிக்சல் பின்னால் வரும்.

இப்போது நாலு நங்கூரத்தையும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். மூன்றில் சுழியம், வலக் கீழ் மூலையில் x-இல் மட்டும் −1. இது அளவுப் பிழைக்குள் அடங்கும். மேலே போகலாம்.

இந்த இடத்தில் பலர் தானாக ஒட்டவைக்கும் வசதியைப் பயன்படுத்த ஆசைப்படுவார்கள். ஃபோட்டோஷாப்பில் `Auto-Align Layers` இருக்கிறது. அதில் `Reposition` என்பதைத் தேர்ந்தெடுத்தால் படத்தை நகர்த்த மட்டும் செய்யும், பரவாயில்லை. மற்றவற்றில் சில, படத்தை இழுத்து வளைத்து அசலோடு பொருத்தப் பார்க்கும். அப்படிப் பொருத்தினால் சாய்ந்த தூணும் சேர்ந்து நிமிர்ந்துவிடக்கூடும், நாம் தேடும் குற்றம் மறைந்துவிடும். அளப்பதற்கு முன் அந்த வகை வசதி வேண்டவே வேண்டாம்.

மேலே வைத்துப் பார்த்தல்

மேல் லேயரின் Mode என்ற இடத்தில் `Normal` என்று இருப்பதை `Difference` என்று மாற்றுங்கள். இரண்டு படமும் ஒன்றாக உள்ள இடம் கருப்பாகும், வேறுபடும் இடம் ஒளிரும். கட்டளை வரியில் என்றால்:

```
magick edit.png -resize 2000x1500! edit2.png
magick asal.png edit2.png -compose difference -composite -auto-level diff.png
```

இந்தக் கட்டளை 2 பிக்சல் தள்ளலை நீக்காது. நிறையப் படங்களில் எதை முதலில் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்ய மட்டும் நான் இதை வைத்துக்கொள்கிறேன்.

Difference படத்தைப் பார்த்ததும் முதலில் பயம்தான் வரும். சுவர் முழுக்க நீலமாக ஒளிரும். சாயம் மாற்றச் சொன்னதால் அப்படி ஒளிர்கிறது, வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிற மாற்றம் ஒரு பரப்பை முழுவதும் ஒரே சீராக ஒளிர வைக்கும். கோடு நகர்ந்திருந்தால் விளிம்பை ஒட்டி மெல்லிய பட்டை ஒன்று ஒளிரும். அந்தப் பட்டையின் அகலமே ஏறத்தாழ நகர்வின் அளவு. பட்டை மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம் என்றால் கோடு அப்படியே தள்ளியிருக்கிறது. மேலே தடித்து, கீழே ஒன்றுமில்லாமல் மெலிந்தால் கோடு சாய்ந்திருக்கிறது. நடுவில் தடித்து இரண்டு முனையிலும் மெலிந்தால் வளைந்திருக்கிறது.

இந்த மளிகைக் கடைப் படத்தில் வலப்பக்கத் தூணின் உள் விளிம்பு அப்படித்தான் இருந்தது. உத்தரத்தைத் தொடும் இடத்தில் விரல் அகலத்துக்குத் தெளிவான பட்டை, இறங்க இறங்கக் கூராகி, தூண் அடியில் காணாமல் போனது. இடத்தூணில் ஒரு மயிரிழைதான்.

நிற மாற்றம் பெரிதாக இருந்து பட்டையே தெரியவில்லை என்றால் இரண்டு லேயரையும் `Colors > Desaturate` வழியாகச் சாம்பலாக்கி, ஒவ்வொன்றிலும் `Filters > Edge-Detect > Difference of Gaussians` ஓட்டுங்கள். விளிம்புகள் மட்டும் கோடுகளாக நிற்கும். மேல் லேயரின் Mode `Normal` ஆகவும் `Opacity` 50 ஆகவும் இருந்தால், நகர்ந்த இடத்தில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு தெரியும். இதைப் பிரதி ஒன்றில் செய்யுங்கள், அளப்பதற்கு வடிகட்டி போடாத படம்தான் வேண்டும்.

இன்னொரு எளிய வழியும் உண்டு. Mode-ஐ `Normal` ஆக்கிவிட்டு, லேயர் பட்டியலில் உள்ள கண் குறியைத் தட்டித் தட்டி மேல் படத்தைக் காட்டி மறையுங்கள். அசையாத கோடு நின்ற இடத்தில் நிற்கும், நகர்ந்த கோடு துள்ளும். மனிதக் கண் அசைவைப் பிடிப்பதில் மிகவும் கூர்மையானது. 2 பிக்சல் நகர்வைக்கூட இதில் பார்த்துவிடலாம். கடைக்காரருக்கு விளக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கோடுகளை அளத்தல்

எங்கே அளக்க வேண்டும் என்பது இப்போது தெரியும். எதை அளக்க வேண்டும் என்பதைப் போர்டு முடிவு செய்கிறது: போர்டு உட்காரும் பட்டையைச் சுற்றியுள்ள நாலு கோடு. இரண்டு தூண்களின் உள் விளிம்பு, சன்னல் அடிக்கட்டையின் கீழ் விளிம்பு, உத்தரத்தின் கீழ் விளிம்பு.

ஒவ்வொரு கோட்டிலும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும். ஒரே இடத்தில் அளந்தால் தள்ளலா சாய்வா என்று தெரியாது. இரண்டு இடத்தில் அளந்தால் சாய்வு தெரியும், வளைவு தெரியாது. இடத்தை நிர்ணயிக்க அளவுகோலிலிருந்து வழிகாட்டிக் கோடுகளை இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். தூண்களுக்கு y 640, 900, 1200 என்ற மூன்று உயரத்தில் படுக்கைக் கோடு. அந்தக் கோட்டில் போய் விளிம்பு எந்த x-இல் இருக்கிறது என்று அசலில் பார்த்து, கண் குறியைத் தட்டி எடிட்டில் பார்க்க வேண்டும்.

இடத்தூண் அசலில் 604, 604, 603. எடிட்டில் 606, 605, 603. அதிகபட்சம் 2 பிக்சல். வலத்தூண் அசலில் 1404, 1404, 1405. எடிட்டில் 1393, 1398, 1404. அதாவது மேலே 11 பிக்சல், நடுவில் 6, கீழே 1. Difference படத்தில் பார்த்த கூரான பட்டை இதுதான். தூண் உச்சியில் இரண்டு தூணுக்கும் நடுவில் அசலில் 800 பிக்சல், எடிட்டில் 787.

சன்னல் அடிக்கட்டைக்கு x 650, 1000, 1350 என்ற மூன்று இடம். அசலில் y 462, 462, 463. எடிட்டில் 461, 456, 459. நடுவில் 6 பிக்சல் மேலே தூக்கியிருக்கிறது, வில் மாதிரி வளைந்திருக்கிறது. உத்தரத்தின் கீழ் விளிம்பு அசலில் 612, 612, 613, எடிட்டில் 612, 612, 612. அது அசையவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. எடிட்டில் உள்ள கோட்டின் மேல் நேர்கோடு ஒன்றைப் போட்டுப் பார்த்து வளைந்திருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. அசல் போட்டோவிலேயே கோடுகள் முழுதும் நேராக இருக்காது. கைப்பேசி லென்ஸ் ஓரங்களைக் கொஞ்சம் வளைக்கும். நிமிர்ந்து பார்த்து எடுத்தால் தூண்கள் மேலே ஒன்றை நோக்கி ஒன்று சாயும். ஒப்பிட வேண்டியது எப்போதும் அசலில் அதே இடத்தோடுதான். இன்னொன்று, அசல் போட்டோ வளைந்திருந்தால் இந்த முறை அதைக் கண்டுபிடிக்காது. இது சொல்வது எடிட்டிங்கில் என்ன மாறியது என்பதை மட்டும்.

பிக்சலை மில்லிமீட்டராக்குதல்

6 பிக்சல் அதிகமா குறைவா? படத்தை வைத்துச் சொல்ல முடியாது, கடையை வைத்துத்தான் சொல்ல முடியும். நேரில் டேப் பிடித்து அளந்தபோது இரண்டு தூணுக்கும் நடுவில் 4.8 மீட்டர் இருந்தது. படத்தில் அது 800 பிக்சல். ஆக ஒரு பிக்சல் 6 மில்லிமீட்டர்.

இந்தக் கணக்கு தூண்கள் நிற்கும் தளத்துக்கு மட்டும் செல்லும். மாடிச் சுவரும் சன்னலும் உத்தரமும் தூண்களோடு ஒரே நேரில் இருப்பதால் அவற்றுக்கும் செல்லும். கடையின் இரும்புக் கதவு அஞ்சடிக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. கேமராவிலிருந்து அது தூரம் என்பதால் அங்கே ஒரு பிக்சல் 6 மில்லிமீட்டரைவிட அதிகம். அதை அளக்க வேண்டுமானால் கதவின் அகலத்தைத் தனியாக டேப்பில் எடுத்துத் தனிக் கணக்குப் போட வேண்டும். சாய்வாக நின்று எடுத்த போட்டோவுக்கும் இந்த ஒற்றைக் கணக்கு பொருந்தாது, இடக்கோடிக்கு ஓர் எண், வலக்கோடிக்கு ஓர் எண் வரும்.

இப்போது எண்களை மாற்றிப் பாருங்கள். தூண் உச்சியில் குறைந்த 13 பிக்சல், 78 மில்லிமீட்டர். போர்டின் அகலத்தை எப்படியும் டேப்பில்தான் எடுப்போம், அதனால் சட்டம் தப்பாக வராது. ஆனால் கடைக்காரர் பார்த்துச் சம்மதித்த எழுத்து இடைவெளி 787 பிக்சலுக்குள் அமைந்தது. உண்மையான போர்டில் இரண்டு பக்கமும் வேறு மாதிரி இருக்கும்.

சன்னல் கட்டைதான் உண்மையான ஆபத்து. பட்டையின் உயரம் அசலில் 150 பிக்சல், அதாவது 900 மில்லிமீட்டர். எடிட்டில் நடுவில் 156 பிக்சல், 936 மில்லிமீட்டர். மாடி உயரத்தை யாரும் முதல் நாளே ஏணி வைத்து அளப்பதில்லை, படத்திலிருந்துதான் எடுப்பார்கள். கடைக்காரரும் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, சன்னலுக்குக் கீழ இன்னும் எடம் இருக்கு போலிருக்கே, எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடேன்" என்றார். "அண்ணே, அந்த எடம் படத்துலதான் இருக்கு, சுவத்துல இல்ல" என்று சொல்லி, கண் குறியைத் தட்டிக் காட்டினேன். கட்டை மேலே போய்க் கீழே வருவதை அவரே பார்த்தார். அந்த 36 மில்லிமீட்டரை நம்பிச் சட்டம் அடித்திருந்தால் போர்டின் மேல் விளிம்பு சன்னல் கட்டைக்கு மேலே போயிருக்கும். வெளியே திறக்கும் மரச் சன்னல் கதவு போர்டில் முட்டி நின்றிருக்கும்.

எவ்வளவு வரை ஏற்கலாம் என்பதையும் இதே வழியில்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் வேலையில் சட்டத்துக்கு 10 மில்லிமீட்டர் வரை இப்படி அப்படி இருக்கலாம், மாட்டும்போது சரிசெய்துவிடலாம். 10-ஐ 6-ஆல் வகுத்தால் 1.7. அளப்பதிலேயே ஒரு பிக்சல் இப்படி அப்படி வரும் என்பதால் அதை 2 ஆக்கிக்கொள்கிறேன். ஆகவே போர்டைத் தொடும் நாலு கோட்டிலும் 2 பிக்சல் வரை விடலாம், 3 வந்தால் நிறுத்த வேண்டும். இடத்தூணும் உத்தரமும் தேறின. வலத்தூணும் சன்னல் கட்டையும் தேறவில்லை. பக்கத்துக் கடையின் கூரையில் 4, 5 பிக்சல் இருந்தால் எனக்குக் கவலையில்லை, அங்கே யாரும் எதையும் மாட்டப் போவதில்லை. எல்லாக் கோட்டுக்கும் சராசரி எடுத்து ஒரே எண்ணாகச் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். இந்தப் படத்தில் பெரும்பாலான கோடுகள் அசையவில்லை, சராசரி எடுத்தால் படம் தேறிவிடும். சன்னல் கதவு முட்டத்தான் செய்யும்.

தேறாத படத்தை என்ன செய்வது

நகர்ந்த தூணை இழுத்து நிமிர்த்தலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் தூணை இழுத்தால் அதை ஒட்டிய உத்தரமும் சேர்ந்து வரும், அசையாமல் இருந்த கோடும் கெடும். அதைவிட நல்லது, வடிவத்தை அசலிலிருந்தும் நிறத்தை எடிட்டிலிருந்தும் எடுப்பது.

அசல் படத்தின் மேல் எடிட் லேயரை வைத்து Mode-ஐ `LCh Color` ஆக்கினால், வெளிச்சமும் நிழலும் அசலிலிருந்தும் நிறம் மேல் லேயரிலிருந்தும் வரும். விளிம்புகள் பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டால் ஆனவை என்பதால் கோடுகள் அசலின் இடத்துக்குத் திரும்பிவிடும். நகர்வு சிறிதாக உள்ள இடத்துக்கு இது போதும். 11 பிக்சல் நகர்ந்த தூணுக்குப் போதாது, தூணுக்கும் சுவருக்கும் நடுவில் தப்பான நிறத்தில் ஒரு பட்டை நிற்கும். வெள்ளையாக இருந்ததைக் கருஞ்சிவப்பாக மாற்றியிருந்தாலும் இது உதவாது, வெளிச்சம் அசலிலிருந்து வருவதால் இளஞ்சிவப்பாகத்தான் தெரியும்.

அதனால் இந்தக் கடைக்கு நான் செய்தது இது. எடிட் படத்திலிருந்து இளம் மஞ்சளை Color Picker கருவியால் எடுத்துக்கொண்டேன். அசலில் சுவரைத் தேர்வு செய்து, புது லேயரில் அந்த மஞ்சளை நிரப்பி, Mode-ஐ `Multiply` ஆக்கினேன். பழைய வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் என்பதால் கறையும் நிழலும் அப்படியே இருக்க, மஞ்சள் இயல்பாகப் படிந்தது. போர்டைத் தனி லேயராக, அசலின் கோடுகளை வைத்தே வரைந்தேன். மேலே 463-இலிருந்து கீழே 612 வரை உள்ள பட்டையில் இரண்டு பக்கமும் சுமார் 5 பிக்சல் விட்டு, உயரம் 140 பிக்சல், அகலம் 790 பிக்சல்.

இந்தப் புதுப் படத்தையும் அசலின் மேல் வைத்து அதே நாலு கோட்டை அதே மூன்று இடத்தில் அளக்க வேண்டும். கையால் செய்ததாயிற்றே என்று விடக் கூடாது, லேயரைத் தெரியாமல் இழுத்திருந்தால் இங்கேதான் பிடிபடும். எல்லா இடத்திலும் சுழியம் அல்லது 1 வந்தது. வெல்டிங் செய்பவருக்குப் போன தாளில் உயரம் 840 மில்லிமீட்டர், அகலம் 4740 மில்லிமீட்டர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு பிக்சல் 6 மில்லிமீட்டர் என்ற கணக்கையும் அந்த 4.8 மீட்டரை எந்த இடத்தில் டேப் பிடித்து எடுத்தோம் என்பதையும் குறித்துக் கொடுத்தேன். ஏணி வைக்கும்போது சன்னல் கட்டைக்குக் கீழே 900 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்த்துவிட்டு அவர் இரும்பை வெட்டலாம்.